தூணின் நிழல் சொல்லும் அளவு

புகைப்படத்தில் இல்லாத ஒரு பொருளை அதற்குள் கொண்டுபோய் வைக்கும்போது கவனம் முழுவதும் அந்தப் பொருளின் மீதே போய்விடுகிறது. மரத்தின் ரேகை சரியா, பாலிஷ் மினுங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். பார்க்கிறவரின் கண்ணோ முதலில் தரைக்குப் போகிறது. ஒரு பொருள் ஓரிடத்தில் இருக்கிறது என்பதற்குச் சாட்சி சொல்வது அந்த இடம்தான். அங்கே விழுந்துகொண்டிருந்த வெளிச்சத்தில் எவ்வளவு தடைபட்டது, எந்த நிறத்தில் தடைபட்டது, எங்கே திரும்பி வந்தது என்பதெல்லாம் தரையில் எழுதியிருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் பொருளின் கணக்கோடு கலக்காமல் தனியே எடுத்துத் தருவதற்காகத்தான் ரெண்டர் பாஸ்கள் இருக்கின்றன.

பல வருடங்களாக இந்த வேலையைச் செய்ததில் எனக்கு உறுதிப்பட்ட ஒரு விஷயம் உண்டு. சரியான விடை பெரும்பாலும் அந்தப் புகைப்படத்திலேயே இருக்கிறது. அதில் ஒரு நிஜ நிழல் இருந்தால், நாம் செய்யும் நிழல் எவ்வளவு கருமையாக, எவ்வளவு நீலமாக, எவ்வளவு மங்கலாக, எவ்வளவு புள்ளிபடிந்து இருக்க வேண்டும் என்று அது சொல்லிவிடும். கண்ணால் மதிப்பிடாமல் அளந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு படத்தை வைத்து இதை விளக்குகிறேன்.

முற்றம் வைத்த பழைய வீடு. தாழ்வாரத்தில் ரெட் ஆக்சைடு தரை, பல வருட நடமாட்டத்தில் வழவழப்பேறியது. காலை வெயில் ஏறத்தாழ 40 டிகிரி உயரத்திலிருந்து சாய்வாக உள்ளே விழுகிறது. கேமராவுக்கு 3 மீட்டர் முன்னால் ஒரு மரத்தூண். ஃபோகஸ் அதன் மேல். அதற்கும் பின்னால், 5 மீட்டர் தூரத்தில், வெயில் படும் தரையில் ஒரு தேக்குச் சாய்வு நாற்காலியை வைக்க வேண்டும். நாற்காலி இன்னும் செய்யப்படவில்லை. மரம் அறுப்பதற்கு முன்னால் அது அந்த வீட்டில் எப்படி இருக்கும் என்று காட்டத்தான் படம். நாற்காலி வரப்போகும் இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தூணின் நிழல் தரையில் நீண்டு கிடக்கிறது. முன்னால் நிற்கும் தூண் நாற்காலியின் ஒரு கையைக் கொஞ்சம் மறைக்கும். இந்த இரண்டு தூண்களும் இல்லாவிட்டால் இந்தப் படம் பாதி எளிது. ஆனால் விடையும் அவற்றில்தான் இருக்கிறது.

கேமராவைப் பொருத்தும் வேலையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். போட்டோவை வெட்டாமல் முழு அளவில் எடுத்துக்கொண்டு, லென்ஸின் வளைவைத் திருத்திவிட்டு, தரைக்கோடுகளையும் உத்தரக் கோடுகளையும் வைத்து fSpy என்ற இலவச மென்பொருளில் மறைபுள்ளிகளைக் கண்டுபிடித்து, அந்தக் கேமராவை Blender-க்குள் கொண்டுவருகிறேன். அங்கே போனபோது டேப் வைத்து அளந்த இரண்டு தூண்களுக்கு இடையிலான தூரம்தான் அளவுகோல். அது ஒன்று சரியாக இருந்தால் 5 மீட்டர் என்பது உண்மையிலேயே 5 மீட்டராக இருக்கும். பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இந்த ஒரு அளவை நம்பித்தான் நிற்கிறது.

அடுத்தது பதிலிகள். தரைக்கு ஒரு தளம், தூண்களுக்கு உருளைகள், சுவர், தாழ்வாரத்தின் கூரை என்று இடத்தின் எளிய உருவங்களைக் கட்ட வேண்டும். இவை படத்தில் தெரியப்போவதில்லை. ஆனாலும் வெளிச்சம் இவற்றின் மேல்தான் விழும், இவற்றில்தான் தடைபடும், இவற்றிலிருந்துதான் நாற்காலிக்குத் திரும்பும். அதனால் நிறம் ஏறக்குறையவாவது சரியாக இருக்க வேண்டும். தரைப் பதிலிக்குப் போட்டோவிலுள்ள அதே சிவப்பைக் கொடுத்தால் நாற்காலியின் அடிப்பலகையில் ஒரு செம்மை ஏறும். வெயில் படும் சிவப்புத் தரைக்கு மேல் நிற்கும் எந்தப் பொருளின் அடியும் சிவக்கத்தான் செய்யும். தரையைச் சாம்பல் நிறத்தில் விட்டால் நாற்காலியின் அடிப்பக்கம் வேறு வீட்டிலிருந்து வந்ததுபோல இருக்கும். எது தவறு என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது. ஒட்டவில்லை என்று மட்டும் தெரியும்.

இனி ஷேடோ கேட்சர். Blender-இல் தரையைத் தேர்ந்தெடுத்து, Object பகுதியிலுள்ள Visibility-யில் Shadow Catcher என்பதை டிக் செய்து, ரெண்டர் அமைப்பில் Film என்பதன் கீழே Transparent-ஐயும் போட்டால், தரை மறைந்து நிழல் மட்டும் நிற்கும். பலர் இதோடு நிறுத்தி, அந்த நிழலைக் கருப்பு நிறமும் ஆல்பாவுமாகப் போட்டோவின் மேல் வைத்துவிடுகிறார்கள். அது தோராயமான முறை. ஆல்பாவுக்கு ஒரே ஒரு எண்தான் உண்டு. சிவப்பில் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது, நீலத்தில் அவ்வளவு குறையவில்லை என்ற செய்தியை அந்த ஓர் எண்ணால் சுமக்க முடியாது. View Layer-இன் பாஸ் பட்டியலில் Shadow Catcher என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதைப் போட்டதும் நிழல் ரெண்டர் படத்திலிருந்து விலகி, மூன்று நிறங்களிலும் தனித்தனிக் கணக்கோடு தன் சொந்தப் பாஸில் வந்துவிடும்.

அந்தப் பாஸில் இருப்பது ஒரு வகுத்தல். நாற்காலி இருக்கும்போது தரைக்கு வந்த ஒளியை, இல்லாதபோது வந்திருக்கும் ஒளியால் வகுத்த விடை அது. நாற்காலியால் எந்த மாற்றமும் இல்லாத இடத்தில் 1. நிழலில் 1-க்குக் கீழே. நாற்காலியின் பித்தளைக் குமிழிலிருந்து ஒளி தெறித்து விழும் இடத்தில் 1-ஐத் தாண்டியும் போகும்.

```
பாஸ் = நாற்காலியோடு தரை ÷ நாற்காலி இல்லாத தரை
படம் = போட்டோ × பாஸ் × (1 − ஆல்பா) + நாற்காலி
```

இரண்டாவது வரியில் நாற்காலியின் நிறம் ஏற்கெனவே அதன் ஆல்பாவால் பெருக்கப்பட்டது என்று கொள்க. ரெண்டர் அப்படித்தான் தருகிறது. 1998-இல் பால் டெபெவெக், நிஜக் காட்சிக்குள் செயற்கைப் பொருளை வைப்பது பற்றிய தன் சிக்ராஃப் ஆய்வுரையில் இதே எண்ணத்தைக் கழித்தலாகச் சொன்னார்: பொருளோடு ஒருமுறை, பொருள் இல்லாமல் ஒருமுறை ரெண்டர் செய்து, அந்த வித்தியாசத்தைப் போட்டோவோடு கூட்டுவது. பெருக்கலில் ஒரு வசதி உண்டு. நிஜத் தரையில் கீறலும் கறையும் விரிசலும் இருக்கின்றன. என் பதிலித் தரை வெறும் சிவப்பு. போட்டோவைப் பாஸால் பெருக்கும்போது ஒவ்வொரு கீறலும் தன் பங்குக்கு மங்கி நிழலுக்குள் தொடர்கிறது. கழித்தால் பதிலித் தரையின் நிறப் பிழை நிழலுக்குள் நுழைந்துவிடும்.

1-ஐத் தாண்டும் எண்கள் இருப்பதால் இந்தப் பாஸை 8 பிட் பிஎன்ஜி-யில் சேமிக்கக் கூடாது. 1-க்கு மேலே உள்ளதெல்லாம் வெட்டுப்பட்டுப் போகும். பல அடுக்கு OpenEXR கோப்பில் எல்லாப் பாஸ்களையும் ஒன்றாக வைக்கிறேன். ஆழத்தையும் அதோடு வைப்பதால் 32 பிட்.

எந்தப் பொருள் கேட்சர், எது இல்லை என்பதில்தான் பெரும்பாலான படங்கள் கெடுகின்றன. தரையை மட்டும் கேட்சராக்கிவிட்டுத் தூண் பதிலியைச் சாதாரணப் பொருளாக விட்டால், அதுவும் நாற்காலியைப் போலப் புதிதாக வந்த பொருள் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். அப்போது தூணின் நிழலும் பாஸில் ஏறும். போட்டோவில் ஏற்கெனவே அந்த நிழல் இருக்கிறதே; ஒரே நிழல் இரண்டு தடவை விழுந்து கன்னங்கரேலென்று ஆகிவிடும். தூண் பதிலியே வேண்டாம் என்று எடுத்துவிட்டாலும் கோளாறுதான். நாற்காலியின் முதுகு நிழல் தூணின் நிழலைக் குறுக்கே கடக்கும் இடத்தில் வெயில் ஏற்கெனவே தடைபட்டிருக்கிறது. இல்லாத வெயிலை நாற்காலி மறுபடி தடுக்க முடியாது. தூணைப் பற்றித் தெரியாத பாஸ் அங்கேயும் இருட்டைப் போட்டுவிடும்.

எனவே தரை, தூண், சுவர், கூரை என்று அந்த வீட்டில் நிஜமாக இருக்கும் எல்லாவற்றின் பதிலிகளும் கேட்சராக வேண்டும். நாற்காலி ஒன்றுதான் கேட்சர் இல்லாத பொருள். அப்படிச் செய்தால் வகுத்தலின் மேலேயும் கீழேயும் தூணின் நிழல் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். இரண்டு நிழலும் கடக்கும் இடத்தில் பாஸின் மதிப்பு 1-ஐ ஒட்டி நிற்கும். நாற்காலி மறைக்கும் வானத்தின் சிறு பங்கு மட்டும் அங்கே குறையும்.

இது நடக்க வேண்டுமானால் பதிலித் தூணின் நிழல், போட்டோவிலுள்ள தூண் நிழலின் மேல் அச்சாக உட்கார வேண்டும். சூரியனின் திசையை நான் கண்டுபிடிப்பதும் இப்படித்தான். தரையின் கேட்சர் டிக்கைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு, போட்டோவைக் கேமராவின் முன்னால் பாதி தெரியும்படி வைத்து, Sun விளக்கைச் சுழற்றிக்கொண்டே வந்தால் ஒரு நிலையில் இரண்டு நிழல் விளிம்புகளும் சேரும். சேராமல் விட்டால் எப்படித் தெரியும்? இறுதிப் படத்தில், இரண்டு நிழல்களும் சந்திக்கும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு நிற்கும். கோடு வெளிச்சமாக இருந்தால், போட்டோவில் வெயில் படும் ஒரு பட்டையைப் பதிலி நிழலென்று நினைத்துவிட்டது. கோடு இருட்டாக இருந்தால், போட்டோவில் நிழலாக உள்ள பட்டையைப் பதிலி வெயிலென்று நினைத்துவிட்டது. எந்தப் பக்கம் எந்தக் கோடு என்று பார்த்தாலே சூரியனை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்பது தெரிந்துவிடும். அந்தக் கோட்டைப் பிரஷ்ஷால் அழிப்பவர்கள் உண்டு. சூரியனைத் திருத்துவதுதான் மேல். அந்தத் தவறு நாற்காலியின் மீது விழும் வெளிச்சத்திலும் இருக்கிறது.

திசைக்குப் பிறகு அளவு. நிழல் எவ்வளவு கருமை? கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சரியாகத் தெரிகிறவரை இழுக்கும் பழக்கம் இந்தத் துறையில் மிக அதிகம். தூணின் நிழல் பக்கத்திலேயே கிடக்கும்போது அதற்கு அவசியமே இல்லை. RAW கோப்பைக் கேமராவின் கான்ட்ராஸ்ட் வளைவு எதுவும் ஏற்றாமல், நேர்கோட்டு மதிப்புகளாக எடுத்துக்கொண்டேன். வெயில் படும் தரையில் ஓரிடத்தையும், அதே தரையில் தூண் நிழலுக்குள் ஓரிடத்தையும் படித்தேன். வெயிலில் சிவப்பு 0.42, பச்சை 0.17, நீலம் 0.11. நிழலில் சிவப்பு 0.084, பச்சை 0.041, நீலம் 0.033. வகுத்தால் சிவப்பில் 0.20, பச்சையில் 0.24, நீலத்தில் 0.30.

இந்த மூன்று எண்களில் அந்தக் காலை முழுவதும் இருக்கிறது. வெயிலும் வானமும் சேர்ந்து தரும் சிவப்பு ஒளியில் ஐந்தில் நான்கு பங்கு வெயிலுடையது. அதாவது வானத்தைப்போல நான்கு மடங்கு. நீலத்தில் வெயிலின் பங்கு பத்தில் ஏழு; மடங்கு 2.3 தான். நிழலில் மிஞ்சுவது வானத்தின் ஒளியும் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒளியும் என்பதால்தான் நிழல் நீலத்தின் பக்கம் சாய்கிறது. Sun விளக்கின் பலத்தையும் நிறத்தையும் இந்த மடங்குகளுக்கு ஏற்ப வைத்து, பதிலித் தூணின் நிழலும் அதே 0.20, 0.24, 0.30-ஐத் தருகிறதா என்று பார்த்துத் திருத்தினேன். தூண் நிழல் சரியாக வந்தால் நாற்காலியின் நிழலும் சரியாக வந்தே தீரும். இரண்டும் ஒரே வெயிலில்தான் நிற்கின்றன.

கண்ணை நம்பக் கூடாது என்பதற்கு இதே எண்களில் ஒரு சான்று உண்டு. திரையில் காட்டுவதற்காக எஸ்ஆர்ஜிபி-க்கு மாற்றினால் 0.42 என்பது 255-க்கு 173 ஆகிறது, 0.084 என்பது 82 ஆகிறது. திரையில் பாதிக்குச் சற்றுக் குறைவு என்று தெரியும் நிழல், உண்மையில் ஐந்தில் ஒரு பங்கு ஒளிதான். இந்த வேறுபாட்டை மறந்து, திரை மதிப்புகளின் மேலேயே பாஸைப் பெருக்கினால் நிழல் அட்டைக் கருப்பாகிவிடும். உடனே அதன் பலத்தைப் பாதியாகக் குறைக்கத் தோன்றும். குறைத்தால் நடுநிழல் சரியாகத் தெரியும். நாற்காலிக் காலின் அடியில் இருக்க வேண்டிய ஆழ்ந்த இருட்டோ வெளுத்துப்போகும். பெருக்கல் எப்போதும் நேர்கோட்டு மதிப்புகளில்தான் நடக்க வேண்டும்.

பாஸ் கையில் வந்ததும் இரண்டு இடங்களைப் படித்துப் பார்ப்பேன். முதுகுச் சாய்மானத்தின் நிழல் நாற்காலியிலிருந்து தள்ளி விழும் நுனியில், மதிப்பு தூண் நிழலின் எண்களை நெருங்கி இருக்க வேண்டும். அங்கே வெயில் மட்டும்தான் போயிருக்கிறது, வானம் முழுசாகத் தெரிகிறது. இருக்கைக்கு நேர் கீழே, காலை ஒட்டி, மதிப்பு அதைவிட வெகுவாகக் கீழே போக வேண்டும். அங்கே வெயிலோடு வானமும் மறைந்துவிட்டது. இரண்டு இடத்திலும் ஒரே மதிப்பு வந்தால், வானத்தின் ஒளி கணக்கில் வரவே இல்லை என்று பொருள். அத்தகைய படத்தில் நிழல் கருப்புத் துணியை விரித்ததுபோல ஒரே தட்டையாகக் கிடக்கும்.

நிழலின் விளிம்புக்கும் இப்படி ஓர் அளவு உண்டு. சூரியன் வானத்தில் அரை டிகிரி அகலமுள்ள வட்டம். அதனால் நிழலைத் தரும் விளிம்பு தரையிலிருந்து எட்ட எட்டப் போகும்போது நிழலின் ஓரம் மங்குகிறது; ஒவ்வொரு மீட்டர் ஒளிப்பாதைக்கும் சுமார் 9 மில்லிமீட்டர். நாற்காலியின் முதுகு 90 சென்டிமீட்டர் உயரம். 40 டிகிரி வெயிலில் அதன் உச்சியிலிருந்து தரைக்கு ஒளி 1.4 மீட்டர் பயணிக்கிறது. ஒளி சாய்ந்து விழுவதால் தரையில் அந்த மங்கல் சுமார் 2 சென்டிமீட்டராக விரியும். காலின் அடியிலோ கத்திமுனைபோலக் கூர்மை. Sun விளக்கின் Angle மதிப்பை அரை டிகிரி என்று வைத்தால் இவை தானாக வரும். நிழல் மென்மையாக அழகாக இருக்கட்டும் என்று அதை 5 டிகிரிக்கு ஏற்றினால், நாற்காலியின் நிழல் மேகமூட்டத்திலும் பக்கத்துத் தூணின் நிழல் சுள்ளென்ற வெயிலிலும் இருக்கும்.

இந்தத் தரையில் நிழலைத் தவிர இன்னொன்றும் விழுகிறது. வழவழத்த ரெட் ஆக்சைடு தரையில் நாற்காலியின் கால்கள் மங்கலாகப் பிரதிபலிக்கும். நிழல் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் ஓடும். பிரதிபலிப்பு எப்போதும் பார்ப்பவரை நோக்கி, படத்தில் காலுக்கு நேர் கீழாக இறங்கும். பதிலித் தரைக்கும் நிஜத் தரையின் அளவுக்கு மினுமினுப்பைக் கொடுத்தால் இரண்டும் ஒரே பாஸில் தத்தம் திசையில் வந்துவிடும். எவ்வளவு மினுமினுப்பு என்பதற்கும் தூணே அளவுகோல். போட்டோவில் தூணின் பிரதிபலிப்பு அடியில் தெளிவாகத் தொடங்கி எவ்வளவு தூரத்தில் கரைகிறது என்று பார்த்து, பதிலித் தூணின் பிரதிபலிப்பு அதே தூரத்தில் கரையும்வரை தரையின் Roughness-ஐ மாற்றினால் போதும். நாற்காலி தரையில் பதியாமல் மிதக்கிறது என்று சொல்லப்படும் படங்களில் பெரும்பாலும் குறைவது இந்தப் பிரதிபலிப்புதான். குறையை நிழலில் தேடி, நிழலை மேலும் மேலும் கருப்பாக்குவது வீண்வேலை.

அடுத்து ஆழம். டெப்த் பாஸ் ஒவ்வொரு பிக்சலுக்கும் கேமராவிலிருந்து எத்தனை மீட்டர் என்று ஒரு எண்ணைத் தருகிறது. இந்தப் படத்தில் அதன் தேவை ஃபோகஸ் மங்கலுக்கு. 35 மிமீ லென்ஸ், எஃப் 4 துளை, ஃபோகஸ் 3 மீட்டரில். சென்சார் 23.5 மிமீ அகலம், அதில் 6000 பிக்சல். இந்த எண்களை லென்ஸ் சூத்திரத்தில் போட்டால், 5 மீட்டரில் உள்ள ஒரு புள்ளி சென்சாரில் 0.041 மிமீ வட்டமாகப் பரவும். அதாவது பத்துப் பிக்சலுக்குச் சற்று அதிகம். நாற்காலியின் முன்கால் 4.6 மீட்டரில், அங்கே 9 பிக்சல். முதுகு 5.4 மீட்டரில், அங்கே 12 பிக்சல். ஒரே மங்கலை முழு நாற்காலிக்கும் கொடுத்தால் இந்த வித்தியாசம் தொலைந்துபோகும். நாற்காலிக்கு ஆழம் இல்லாமல், அட்டையில் வெட்டி நிறுத்தியதுபோல ஆகிவிடும். டெப்த் பாஸ் ஒவ்வொரு பிக்சலுக்கும் தன் மங்கலைச் சொல்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது, ஷேடோ கேட்சர் பாஸுக்கும் அதே மங்கல் வேண்டும். போட்டோவில் அந்தத் தரை ஏற்கெனவே பத்துப் பிக்சல் மங்கியிருக்கிறது. அதன் மேல் கூர்மையான நிழலைப் பெருக்கினால், மங்கிய தரையில் கூர்மையான நிழல் என்ற நடக்காத காரியம் நடந்திருக்கும். இதற்காகத் தரையின் நகல் ஒன்றைச் சாதாரணத் திடப்பொருளாக, ஆழத்துக்கென்றே ஒதுக்கிய தனி View Layer-இல் வைத்து, அதன் டெப்த்தை எடுத்து நிழலை மங்கலாக்குகிறேன். நாற்காலிக்கு நாற்காலியின் ஆழம், நிழலுக்குத் தரையின் ஆழம்.

இரண்டாவது, மங்கலாக்குவதற்கு முன்னால் நாற்காலியை வெட்டக் கூடாது. முன்தூண் நாற்காலியின் கையை மறைக்கிறது என்பதால், ரெண்டரிலேயே அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் பிறகு மங்கலாக்கினால், வெட்டிய ஓரமும் சேர்ந்து மங்கிக் கரையும். கூர்மையான தூணுக்கும் மங்கிய கைக்கும் நடுவே பின்சுவர் ஒரு வெளிறிய கீற்றாக எட்டிப் பார்க்கும். அதனால் முன்தூண் பதிலியைக் கேமராவின் கண்ணுக்கு மட்டும் மறைத்துவிட்டு, நாற்காலியை முழுதாக ரெண்டர் செய்து, முழுதாக மங்கலாக்கி, கடைசியில் போட்டோவிலிருந்து தூணை ஒரு மாஸ்க் வழியே மேலே கொண்டுவருகிறேன். அந்த மாஸ்க்கைப் போட்டோவின் ஓரத்தைப் பார்த்துக் கையால்தான் வரைகிறேன். பதிலி உருளை நேராக இருக்கும். பழைய தூணின் ஓரம் அப்படி இல்லை.

டெப்த் பாஸைப் பெரிதாக்கிப் பார்த்தால் நாற்காலியின் ஓரம் படிக்கட்டுபோலப் பல்பல்லாக இருக்கும். அதை மென்மையாக்கப் போகக் கூடாது. நாற்காலியின் ஓரம் 5 மீட்டர், அதற்குப் பின்னால் சுவர் 9 மீட்டர். இரண்டையும் கலந்து மென்மையாக்கினால் 7 மீட்டர் என்று வரும். 7 மீட்டரில் அங்கே எதுவுமே இல்லை. நிறங்களைக் கலக்கலாம், தூரங்களைக் கலக்க முடியாது. மூடுபனிக்காக உள்ள Mist பாஸ் ஓரங்களில் மென்மையாக வருகிறது. அது 0 முதல் 1 வரை செல்லும் ஒரு கலவை விகிதம். தொலைவிலுள்ள ஒரு கோபுரத்துக்கு மேல் பனியின் நிறத்தை ஏற்றுவதற்கு அதுவே சரி. 5 மீட்டரிலுள்ள நாற்காலிக்குப் பனி வேண்டாம்.

கால் தரையைத் தொடும் இடத்தை 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். இந்தக் கேமராவில் 5 மீட்டர் தூரத்தில் ஒரு பிக்சல் என்பது சுமார் 0.56 மில்லிமீட்டர். காலின் அடியில் ஆசாரி இழைத்து எடுக்கும் 2 மில்லிமீட்டர் ஓரச்சரிவு மூன்றரைப் பிக்சல். அதை மாடலில் செய்யாமல் விட்டால், கால் தரையைச் சந்திக்கும் கோட்டில் இருக்க வேண்டிய மெல்லிய இருட்டு வராது. பழைய தரை மழைநீர் வடியக் கொஞ்சம் சரிந்தே இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. பதிலித் தரைக்கும் அந்தச் சரிவைக் கொடுக்காவிட்டால் மூன்று கால் ஊன்றி நான்காவது கால் தரைக்குள் போய்விடும்.

கடைசியில் புள்ளிகள். ஒளி குறைந்தால் சென்சாரின் இரைச்சல் அதே விகிதத்தில் குறைவதில்லை. ஒளியின் வர்க்கமூலத்தின் அளவுக்குத்தான் குறையும். ஒளி ஐந்தில் ஒன்றாகும்போது இரைச்சல் 0.45 மடங்காக வேண்டும். நாம் பெருக்கியதாலோ அது 0.20 மடங்காகிவிட்டது. தூணின் நிழலுக்குள் புள்ளி தெரிகிறது, நாற்காலியின் நிழல் துடைத்து வைத்ததுபோல இருக்கிறது. பாஸ் குறைவாக உள்ள இடங்களில் மட்டும் கொஞ்சம் இரைச்சலைச் சேர்த்து, தூண் நிழலில் ஒரு சதுரத்தையும் நாற்காலி நிழலில் ஒரு சதுரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப்போகும்வரை சரிசெய்வேன். அச்சில் பெரிதாகப் போகும் படத்தில் இது கண்ணுக்குத் தெரியும்.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை செய்யாமல் கோப்பை அனுப்புவதில்லை. இறுதிப் படத்திலிருந்து மூலப் போட்டோவைக் கழித்து, வித்தியாசத்தைப் பத்து மடங்கு பெருக்கிப் பார்ப்பேன். நாற்காலி, அதன் நிழல், தரையில் அதன் பிரதிபலிப்பு, பக்கத்துச் சுவரில் அது தந்த மிக மெல்லிய மாற்றம் ஆகியவை மட்டும் தெரிய வேண்டும். மற்ற இடமெல்லாம் சுத்தக் கருப்பு. படம் முழுக்க ஒரு சாம்பல் பூச்சு தெரிந்தால், Blender-இன் View Transform இன்னும் AgX-இல் இருக்கிறது; போட்டோ ஏற்கெனவே திரைக்கான தோற்றத்துக்கு வந்துவிட்டது, அதன் மேல் இன்னொரு வளைவு ஏறியிருக்கிறது. Standard-க்கு மாற்ற வேண்டும். பதிலித் தரையின் எல்லையில் ஒரு கோடு தெரிந்தால், தரை போதிய அகலத்துக்கு நீளவில்லை. அதற்கு அப்பால் நிழல் திடீரென்று அறுந்திருக்கிறது. தரை முழுக்க மெல்லிய பொடிப்பொடியான வித்தியாசம் தெரிந்தால், பாஸில் 1 ஆக இருக்க வேண்டிய இடங்களில் ரெண்டரின் இரைச்சல் 0.99, 1.01 என்று அலைந்துகொண்டிருக்கிறது. சாம்பிளைக் கூட்ட வேண்டும் அல்லது அந்தப் பாஸுக்கும் டீநாய்ஸ் போட வேண்டும்.

இந்தச் சோதனையில் தேறிய படத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. நாற்காலி செய்பவர் தேக்கைக் கொஞ்சம் கருப்புப் பாலிஷில் காட்டச் சொன்னால், நாற்காலியின் நிறத்தை மாற்றி ரெண்டரை மறுபடி ஓட்டினால் போதும். சூரியன், தரை, மங்கல், மாஸ்க், இரைச்சல் எதையும் தொட வேண்டியதில்லை. தூணைப் பார்த்து ஒருமுறை அளந்து வைத்த வெளிச்சம், அதே தரையில் அடுத்து வைக்கப்போகும் எந்தப் பொருளுக்கும் பொருந்தும். அளக்காமல் கண்மதிப்பில் செய்த நிழலை ஒவ்வொரு முறையும் புதிதாக மதிப்பிட வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் வேறாக இருக்கும்.